சென்னிமலைக் கவுண்டர் சேலத்தை எடை போட்ட சரித்திரம்

பெரிய மனிதர்களின் சரித்திரம் பிறந்த நட்சத்திரத்தில் தொடங்கும். புதுச்சத்திரம் நெய் வியாபாரி சென்னிமலைக் கவுண்டரின் நட்சத்திரம் யாருக்கும் தெரியாது. அவர் தாயார் சொன்னதெல்லாம், "நீ பொறந்தன்னிக்கு எருமை கன்னு போட்டுச்சு" என்பதுதான். ஆகவே இந்தச் சரித்திரத்தை அவருடைய மனைவி இறந்த இடத்திலிருந்து தொடங்குவோம். அதற்கு முன்னால் அவர் வாழ்வில் எழுதத் தக்கது எதுவும் நடக்கவில்லை. அதாவது, சந்தோஷமாக இருந்தார்.

மனைவி சென்னியம்மாள் போனபோது ஒரே மகள் வசந்தாமணி கல்யாணமாகிச் சேலத்துக்குப் போயிருந்தாள். கவுண்டருக்கு மிஞ்சியது ஒரு வீடு, ஒரு நெய்ச்சட்டி, மானாவாரி நிலம் கொஞ்சம். சுற்று வட்டாரப் பெண்கள் கொண்டுவரும் வெண்ணெயை வாங்கி, உருக்கி, முருங்கைக் கீரை போட்டு இறக்கி விற்பது தொழில். அதில் குறைவில்லை. குறை வேறிடத்தில் இருந்தது. குழம்பு கொதித்ததும் கவுண்டர் கரண்டியில் எடுத்து, "உப்புப் பாரு" என்று நீட்டுவார். நீட்டிய கை சுவரைப் பார்த்து நிற்கும். பிறகு தாமே நக்கிப் பார்த்து, "செரியாத்தான் இருக்குது" என்று தமக்கே பதில் சொல்லிக்கொள்வார். ஒரு வீட்டில் கேள்வியும் பதிலும் ஒரே வாயிலிருந்து வர ஆரம்பித்தால் அந்த வீட்டுக்காரருக்கு ஊரை விட்டுப் போகும் யோசனை வருவது இயற்கை.

சேலத்துக்குப் போய் மகள் வீட்டில் இருந்துவிடலாமே என்று கேட்கலாம். கேட்பவருக்குப் பெண் பிள்ளை இல்லை என்று அர்த்தம். விருந்தும் மருந்தும் மூன்று நாள். நான்காம் நாள் சம்பந்தியம்மாள் சோற்றுப் பானையைச் சற்றுச் சத்தமாக இறக்குவார். ஆனால் அதே சேலத்தில் சொந்தமாக ஒரு கடை, கடைக்குப் பின்னால் படுக்க ஓர் அறை இருந்தால் அது வேறு விஷயம். அப்போது அவர் சம்பந்தி வீட்டில் ஒண்டியவர் இல்லை. செவ்வாய்ப்பேட்டை நெய்க்கடை முதலாளி. முதலாளி மாலையில் மகளைப் பார்க்கப் போனால் ஒரு செம்புத் தண்ணீர் மரியாதையோடு வரும்.

இப்படி ஒரு கடை அவருக்குக் காட்டப்பட்டது. காட்டியவர் தரகர் குழந்தைவேல். வெற்றிலைச் சிவப்பு வாயும், எந்தக் கட்டடத்தையும் அரண்மனையாகப் பார்க்கும் கண்ணும் உடையவர். கடை இரண்டு கதவு, பின்னால் ஓர் அறை. மூன்று வருஷக் கரார், ஆறு மாத வாடகை முன்பணம், நடுவில் விட்டுப் போனால் முன்பணம் கட்டடக்காரருக்கு.

"கையெழுத்துப் போட்டுருங்க கவுண்டரே. நாளைக்கு வந்தா இருக்காது."

"நாளைக்கு இருக்காதுன்னு போன மாசமும் சொன்னீங்களாமே?"

"யாருகிட்டச் சொன்னேன்?"

"இங்க வந்து பாத்துட்டுப் போன எல்லார்கிட்டயுந்தேன்."

கவுண்டர் இவ்வளவு உஷாராக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஆத்தூர்ப் பக்கம் அருணகிரி என்று ஒரு சிநேகிதர், இதே மாதிரி சேலத்தில் கரார் எழுதிப் பாத்திரக் கடை வைத்தார். ஒரு வருஷத்தில் ஊருக்குத் திரும்பியபோது கையில் பெயர்ப் பலகை மட்டும் இருந்தது. அது இப்போது அவருடைய மாட்டுக் கொட்டகைக்குக் கதவாக இருக்கிறது. 'நாணயம்' என்ற எழுத்துக்கு மேல் எருமை உரசிக்கொள்கிறது. இதைக் கண்ணால் பார்த்த கவுண்டர், சேலம் தமது நெய்யைக் கேட்கிறதா என்று தெரியாமல் பேனாவைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தார்.

முடிவை நடத்திய விதம் மந்திரிமாருக்கும் பாடம். பூட்டிய அந்தக் கடைக்கு முன்னாலேயே, கட்டடக்காரருக்கு நாள் வாடகை கொடுத்து, நாலு மூங்கில் நட்டு, இரண்டு கீற்றைப் போட்டு, தராசோடு உட்கார்ந்தார். வேறு தெருவில் உட்கார்ந்தால் அந்தத் தெருவைப் பற்றித்தான் தெரியும் அல்லவா? விலையிலும் தம்மை ஏமாற்றிக்கொள்ளவில்லை. நாளைக்குக் கடை வாடகையும் கொடுத்து என்ன விலைக்கு விற்க வேண்டியிருக்குமோ அந்த விலையைத்தான் சொன்னார். மாரியம்மன் பண்டிகைக் கூட்டம் வந்து கணக்கைக் கெடுக்கும் என்று ஆடி கழிந்த பிறகுதான் மூங்கில் நட்டார்.

பக்கத்தில் மூன்று கொட்டாங்குச்சிகள். முதலாவது, முகர்ந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு. இரண்டாவது, வாங்குகிறவர்களுக்கு. மூன்றாவது, வாங்கித் தீர்ந்து மறுபடி வாங்க வருகிறவர்களுக்கு. ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. மூன்றாவது கொட்டாங்குச்சியின் அடி மறைந்தால் கரார். மறையாவிட்டால் புதுச்சத்திரம் பஸ்.

கீற்றுப் போட்ட அன்றே மகள் வீட்டு வாசலில் நின்று இந்தச் சட்டத்தை அவர் விளக்கியும் விட்டார். வாசலில் நின்றுதான். மருமகன் தானிய மண்டியில் வேலை. காலையில் போனால் இருட்டி வருவார். சம்பந்தியம்மாள் உள்ளே இருந்தார். வசந்தாமணி கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஏனுங்கப்பா, ஒருக்கா வாங்குனாக் கணக்கில்லீங்களா?"

"ஒருக்கா எவனும் வாங்குவான் அம்மிணி. புதுசா ஒருத்தன் ரோட்டுல ஒக்காந்திருந்தா, என்னன்னு பாக்க வாங்குவான். நெய்யி தீந்து, காலி ஏனத்த எடுத்துக்கிட்டு திரும்ப வாரான் பாரு, அவந்தேன் கிராக்கி."

"அப்ப நாங்க வாங்குனா?"

"நீங்க வாங்கப்படாது. மாப்பிள்ளையும் வாங்கப்படாது. சொந்தக்காரங்க வாங்குறது மொய்யி. மொய்ய நம்பிக் கடை போட்டா மூணு வருசத்துக்குத் தெனமும் கல்யாணம் வெக்கோணும்."

வசந்தாமணி சிரித்தாள். அவள் சிரித்து வெகு நாளாகியிருந்தது போல அது பாதியில் நின்றது. "அடி மறையோணும்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சட்டம் எழுதுகிறவர்கள் அதை யார் முன்னால் படித்துக் காட்டுகிறோம் என்று கவனிக்க வேண்டும். கவுண்டர் கவனிக்கவில்லை.

சேலம் நகரம் நெய்யைப் பரீட்சிக்கும் முறை கம்பீரமானது. புறங்கையை நீட்டும். கவுண்டர் ஒரு சொட்டு வைப்பார். நகரம் அதைத் தேய்த்து, முகர்ந்து, கண்ணை மூடி, "நல்ல நெய்" என்று தீர்ப்புச் சொல்லி, மிச்சத்தை மீசையில் தடவிக்கொண்டு போய்விடும். முதல் வாரத்தில் செவ்வாய்ப்பேட்டையில் பல மீசைகள் பளபளத்தன. முதல் கொட்டாங்குச்சி நிரம்பி வழிந்தது.

"மளிகைக் கடையில மாசக் கணக்குங்க. பையன் ஊட்டுக்கே கொண்டாந்து ஊத்திட்டுப் போறான். நீங்க ரொக்கங்கறீங்க" என்று ஒருவர் உண்மையைச் சொன்னார். கவுண்டர் அவருக்கு இன்னொரு சொட்டு வைத்தார். உண்மைக்கு அவ்வளவாவது கூலி வேண்டாமா?

செவ்வாய்க்கிழமை மட்டும் வேறு. அன்று சந்தை. கவுண்டரைக் கண்டதும், "அட, நம்ம நெய்க்காரரு!" என்று கூட்டம் கூடும். அரை சேர், ஒரு சேர் என்று தகரம் காலியாகும். குழந்தைவேல் வெற்றிலையைத் துப்பிவிட்டு ஓடி வருவார்.

"பாத்தீங்களா? சேலம் விழுந்துருச்சு உங்க காலடியில!"

"இவரு பேரு ராசு, சேலமில்லீங்க. எங்கூருக்கு அடுத்த ஊரு. பருத்தி போட வந்திருக்காரு. இவரு இங்க வாங்குனா அங்க வாங்க மாட்டாரு. என்ற வலது பையிலருந்து எடது பைக்குப் போறது எனக்கு யாவாரமா?"

செவ்வாய்க்கிழமை கொட்டாங்குச்சிகளுக்கு ஓய்வு. ஒரு புளியங்கொட்டையும் விழவில்லை. ஆனாலும் அந்த ஒரு நாள்தான் கவுண்டர் வாய் நிறையப் பேசினார். யார் வீட்டு எருமை சினை, யார் கிணறு வற்றியது என்று கேட்டார். சாயங்காலம் அவர்கள் வண்டி பூட்டிப் போன பிறகு அந்தத் தெரு இருந்ததைவிட அகலமாகத் தெரியும். அவர் சாப்பாட்டுக் கடைக்குப் போய் உட்காருவார். பரிமாறுகிறவன் "உப்புப் போதுமா?" என்று கேட்பதில்லை.

மற்ற ஆறு நாட்களின் நிலவரம் கவலைக்கிடமாக இருந்த சமயத்தில்தான் அதிசயம் நிகழ்ந்தது. ஒரு பெண் வந்தாள். பேர் தெய்வநாயகி, பக்கத்துத் தெரு என்றாள். கால் சேர் வாங்கினாள். புறங்கையை நீட்டவில்லை, பேரம் பேசவில்லை. அடுத்து பொன்னாயி என்று ஒருத்தி. அப்புறம் இன்னும் நாலைந்து பேர். கவுண்டர் இரண்டாவது கொட்டாங்குச்சியில் கொட்டைகளைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். முதல் வாங்கலில் மயங்குகிறவர் அல்ல அவர்.

அவர்கள் திரும்பி வந்தார்கள்! ஒவ்வொருத்தியாக, நெய் தீர்ந்துபோகக்கூடிய இடைவெளி விட்டு, ஏனத்தை எடுத்துக்கொண்டு, சட்டத்தில் சொன்னபடியே.

"நெய்யி எப்படி இருந்துச்சுங்க?"

"மணமா இருந்துச்சுங்க."

"ஊட்டுல என்ன சொன்னாங்க?"

தெய்வநாயகி கொஞ்சம் விழித்தாள். "மணமா இருக்குதுன்னாங்க" என்றாள்.

மூன்றாவது கொட்டாங்குச்சியில் விழுந்த முதல் கொட்டை 'டக்' என்றது. அந்த ஒலியில் கவுண்டருக்குப் பின்னால் பூட்டியிருந்த கடை திறந்துகொண்டது. உள் அறையில் கட்டில் எங்கே போடுவது, விளக்கு எங்கே வைப்பது என்று முடிவாகிவிட்டது. மாலையில் வசந்தாமணி வீட்டு வாசலுக்குப் போய் என்ன பேசுவது என்றுகூட ஒத்திகை பார்த்தார். கொட்டைகள் விழ விழ அடி மறைந்து வந்தது. குழந்தைவேல் ஸ்டாம்பு பத்திரமே வாங்கிவிட்டார். வியாழக்கிழமை சாயங்காலம் கையெழுத்து. இரண்டு சாட்சிக்கும் வெற்றிலை பாக்குச் சொல்லியாகிவிட்டது.

இந்த இடத்தில் நெய் எடை போடும் முறையைச் சொல்லியாக வேண்டும். வாங்குகிறவர் கொண்டுவரும் வெறும் ஏனத்தை ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் கல்லும் ஓட்டுச் சில்லுமாகப் போட்டு முள்ளை நேராக்குவார்கள். இதற்குத் தடை கட்டுவது என்று பேர். அப்புறம்தான் படிக்கல்லைப் போட்டு நெய்யை ஊற்றுவது. ஏனத்தின் கனம் கணக்கில் சேராது. ஒவ்வொரு ஏனத்துக்கும் தடை வேறு. இந்தப் பித்தளைக்கு இரண்டு கூழாங்கல், அந்தச் செம்புக்கு ஒரு முழுச் சில்லு. வருஷக்கணக்காகத் தடை கட்டிய விரல்களுக்கு மறதி கிடையாது.

புதன்கிழமை பொன்னாயி ஒரு பித்தளைத் தூக்குப்போணி கொண்டுவந்தாள். கவுண்டர் இரண்டு கூழாங்கல்லும் முனை உடைந்த ஓட்டுச் சில்லும் போட்டார். முள் அசையாமல் நின்றது. அவர் விரல்கள் மட்டும் கொஞ்சம் நின்றன. இதே இரண்டு கல்லையும் இதே சில்லையும் போன வாரம் தெய்வநாயகிக்கும் போட்டிருந்தன. அதற்கு முன்னால் இன்னொருத்திக்கும்.

'சேலத்துப் பித்தளைக் கன்னாரு எல்லாப் போணியையும் ஒரே அச்சுல வாக்குறானாட்ட இருக்குது' என்று கவுண்டர் தமக்குச் சொல்லிக்கொண்டார். நம்ப விரும்புகிறவனுக்குக் காரணம் கிடைக்காமல் போனதாகச் சரித்திரம் இல்லை.

வியாழக்கிழமை காலை தெய்வநாயகி வந்தாள், அதே தூக்குப்போணியோடு. அப்போதுதான் கழுவியது, உள்ளே நாலு சொட்டுத் தண்ணீர். தண்ணீர் பட்டால் நெய் ஊசிப்போகும். கவுண்டர் துண்டை எடுத்து உள்ளே துடைத்தார். பிறகு மிச்சம் வடிய அதைக் கவிழ்த்தார்.

அடியில் எழுத்து இருந்தது. சுற்றிச் சுற்றி, நத்தைக் கூடு மாதிரி.

மற்றவர்கள் சீர்ப் பாத்திரத்தின் கழுத்தில் இரண்டு எழுத்து வெட்டுவார்கள். கவுண்டர் மகள் கல்யாணத்தில், பேர் வெட்டுகிறவனிடம் முழுசாக வெட்டச் சொன்னார். கழுத்தில் இடமில்லை என்றான். அடியில் வெட்டு என்றார். எழுத்துக்கு இவ்வளவு கூலி என்றான். வெட்டு என்றார். அந்தப் பெருமை இப்போது அவர் கண்ணுக்கு நேராக இருந்தது: 'புதுச்சத்திரம் சென்னிமலைக் கவுண்டர் தன் மகள் வசந்தாமணிக்குச் சீராகக் கொடுத்தது.'

அவர் நெடுநேரம் படித்தார். அவ்வளவு நேரம் பிடிக்கும் எழுத்தல்ல.

"தண்ணி வடிஞ்சுருச்சுங்களா?" என்றாள் தெய்வநாயகி.

"வடிஞ்சுருச்சு." தூக்கை நிமிர்த்தித் தட்டில் வைத்தார். "ஏனம்மா, இந்த நெய்யெல்லாம் என்ன பண்றாங்க?"

தெய்வநாயகி தராசைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி தராசைப் பார்த்தாள். பொய்யை ஒழுங்காகக் கற்காத பெண்.

"பரண்ல ஒரு பானையில ஊத்தி வெச்சிருக்குதுங்க. மாமியாருக்குத் தெரியாது. ஒறைஞ்சு கெடக்குது. அவ்வளவு நெய்ய எப்படித் திங்கிறது? வசந்தாமணி சேத்து வெச்ச சிறுவாட்டுக் காசுங்க, வேற ஒண்ணுமில்ல. எங்க தெருவுல அது வாய் தெறந்து பேசுறதே எங்க நாலஞ்சு பேருகிட்டத்தேன். அப்பன் கடை வந்துட்டா... நாஞ் சொன்னேன்னு சொல்லிப்புடாதீங்க."

கவுண்டர் இரண்டு கூழாங்கல்லும் உடைந்த சில்லும் போட்டுத் தடை கட்டினார். கால் சேர் நெய் ஊற்றினார். தெய்வநாயகி காசை நீட்டினாள்.

இங்கே ஒரு கணம் சரித்திரம் தயங்கியது. காசு வேண்டாம் என்றால் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று வசந்தாமணிக்குத் தெரிந்துவிடும். கவுண்டர் காசை வாங்கி, எப்போதும்போல ஒவ்வொன்றாகப் பார்த்து, மடியில் முடிந்துகொண்டார்.

அவள் போன பிறகு மூன்றாவது கொட்டாங்குச்சியைக் கவிழ்த்தார். அந்தத் தெருப் பெண்களின் கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தள்ளினார். மிச்சம் மூன்று கொட்டைகள். ஒன்று கோயில் குருக்கள். ஒன்று ஓட்டல்காரர், விலை குறைத்தால் மாசம் பூராவும் வாங்குவதாகச் சொன்னவர். மூன்றாவது, போன தடவை வாங்கியதில் குறை சொல்ல வந்தவர்.

சாயங்காலம் குழந்தைவேல் பத்திரத்தோடும் சாட்சிகளோடும் வந்தபோது கீற்று பிரிக்கப்பட்டிருந்தது.

"என்ன கவுண்டரே இது? ஊரே வந்து வாங்குனதை என்ற கண்ணால பாத்தேனே!"

"ஊரில்லீங்க" என்றார் கவுண்டர், மூங்கிலைச் சாய்த்துக்கொண்டே. "ஒரு ஊடு."

"ஒரு ஊடாவது உறுதியா இருக்குதில்ல? அத வெச்சு ஆரம்பிங்க. மூணு வருசத்துல பெருகிரும்."

"அந்த ஊட்டுச் சிறுவாடு மூணு மாசத்துக்குக் காணாது."

சாட்சிகள் வெற்றிலையை மட்டும் போட்டுக்கொண்டு போனார்கள். சாட்சி சொல்ல ஒன்றும் நடக்காத இடத்திலும் வெற்றிலை வீணாகக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. ஆறு மாத முன்பணம் தப்பிய ஒரு மனிதர் அன்று செவ்வாய்ப்பேட்டையிலேயே அதிர்ஷ்டசாலியாக இருந்திருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தவர்கள் யாரோ செத்துப்போய்விட்டதாக நினைத்தார்கள்.

பஸ்ஸுக்குப் போகும் வழியில் மகள் வீட்டு வாசலில் நின்றார். ஒரு செம்புத் தண்ணீர் வந்தது. குடித்தார்.

"இந்த ஊரு ஒத்து வல்லே அம்மிணி. எல்லாம் மளிகைக்கடை மாசக் கணக்கு."

"நல்லாத்தானே போச்சுன்னாங்க?" என்றாள் வசந்தாமணி.

"யாரு சொன்னது?"

அவள் செம்பை வாங்கிக்கொண்டு, அதில் இல்லாத தண்ணீரை வாசலில் கொட்டினாள். உள்ளே சம்பந்தியம்மாள் இருமினார். கவுண்டர் அண்ணாந்து பார்த்தார். பரண் அங்கிருந்து தெரியாது.

"அடி மறையலீங்களா?" என்று கேட்டாள்.

"கொஞ்சந்தேன் பாக்கி. ஆனாச் சட்டமுன்னா சட்டம்."

தலையை ஆட்டினாள். அவர் படி இறங்கிய பிறகு, "செவ்வாக்கெழம சந்தைக்காவது வருவீங்களா?" என்றாள்.

வியாபார சாஸ்திரப்படி இதற்கு ஒரே பதில்தான் உண்டு. செவ்வாய்க்கிழமைக் கிராக்கி தமது சொந்த ஊர்க் கிராக்கி. அதைச் சேலத்துக்கு வந்து பிடிப்பது பஸ் சார்ஜுக்குக் கேடு. மூன்று கொட்டாங்குச்சிகளை வைத்து நகரத்தையே எடை போட்ட மனிதருக்கு இது தெரியாதா?

"வாரேன்" என்றார்.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் சந்தையில் கவுண்டரைப் பார்க்கலாம். அன்றன்றைக்குச் சுங்கம், கரார் கிடையாது. ராசுவும் மற்றவர்களும் வந்து, இதை வீட்டுக்குப் பக்கத்திலேயே வாங்கியிருக்கலாமே என்று திட்டிக்கொண்டே வாங்குவார்கள். வெயில் சாயும்போது தெய்வநாயகியோ பொன்னாயியோ அந்தத் தூக்குப்போணியைக் கொண்டுவருவாள். வசந்தாமணி வந்ததில்லை, மருமகள் சந்தையில் நிற்கிற குடும்பமல்ல அது. கவுண்டர் போணியை வாங்கி, தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ, ஒரு தடவை கவிழ்ப்பார். பிறகு தட்டில் வைத்து, மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்ப்பார். அதில் இரண்டு கூழாங்கல்லும் முனை உடைந்த ஓட்டுச் சில்லும் இருக்கும். மற்ற எந்த ஏனத்துக்கும் அவற்றைப் போடுவதில்லை.

பாக்கி ஆறு நாளும் அந்த முடிச்சு புதுச்சத்திரம் வீட்டில், அடுப்புக்கு எதிரே, ஓர் ஆணியில் தொங்கும். குழம்பு கொதித்ததும் கவுண்டர் கரண்டியை அந்தப் பக்கமாக நீட்டுவார்.